ஆம்பூர், பிர்மாசென்ஸ், வெரோனா, ஹோ சி மின்: நாலு ஊருக்கும் ஒத்துவர்ற ரெண்டு நாள் எது?

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | 2025 டிசம்பர் 2, காலை 10.40

2026 மே மாசத்துல ரெண்டு நாள் ரிவ்யூ மீட்டிங் வைக்கணும். ஷூ ஃபேக்டரி ஆம்பூர்ல, தோல் ஃபினிஷிங் ராணிப்பேட்டையில. டிசைன் ஆபீஸ் ஜெர்மனியில பிர்மாசென்ஸ். சோல் சப்ளையர் இத்தாலியில வெரோனா. ஷூவோட மேல்பாகமான அப்பர்ல ஒரு பங்கு வியட்நாம்ல, ஹோ சி மின் நகரத்துல தைக்கிறாங்க. மீட்டிங் ஆன்லைன்லதான், ஆனா சாம்பிள் ஜோடி நாலு ஊர் மேஜையிலயும் இருக்கணும். மே 14, 15 வியாழன் வெள்ளின்னு குறிச்சு வச்சிருக்கேன். நம்ம அரசு விடுமுறைப் பட்டியல்ல அந்த ரெண்டு நாளும் காலி. அனுப்பிடலாமா?

சத்துவாச்சாரி_சிவா | டிசம்பர் 2, காலை 11.05

இதுக்கெல்லாம் இழை எதுக்கு? போன் காலண்டர்ல நாலு நாட்டு விடுமுறையையும் சேர்த்துடுங்க, தானா வந்து உக்காரும். 14 ஜெர்மனிக்கு லீவு, கிறிஸ்து விண்ணேற்ற நாள். அப்ப இத்தாலிக்கும் லீவுதான், அவங்களும் கிறிஸ்தவ நாடுதானே. 15-க்குத் தள்ளிடுங்க.

பாலாற்றங்கரை | டிசம்பர் 2, மதியம் 2.20

14 பற்றி சிவா சொன்னதில் பாதி சரி. ஜெர்மனியில் எல்லா மாநிலத்துக்கும் அன்று விடுமுறை. இத்தாலியில் கிடையாது. 1977-ல் ஒரு சட்டம் போட்டு விண்ணேற்ற நாளையும் திருவுடல் பெருவிழாவையும் விடுமுறைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். மதம் ஒன்றாக இருந்தால் விடுமுறையும் ஒன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டால் இப்படித்தான் உதைக்கும்.

15 அதைவிட மோசம். வியாழன் விடுமுறை வந்தால் ஜெர்மனியில் வெள்ளியும் சேர்த்து லீவு போட்டு நாலு நாளாக்கிக் கொள்வது ஊரறிந்த பழக்கம். காலண்டரில் அது வேலை நாள் என்றே காட்டும். மீட்டிங் அழைப்பை ஏற்கவும் செய்வார்கள், ஏனென்றால் ஏற்கிறவர் ஒருவர், லீவில் இருக்கப் போகிறவர் வேறொருவர். சாம்பிளுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய டிசைனர் அன்று இருக்கிறாரா என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும்.

அதனால் என் தாளில் ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு நிறம். கதவு பூட்டியிருந்தால் சிவப்பு. கதவு திறந்திருந்தும் ஆள் பாதிதான் என்றால் மஞ்சள். காலண்டர் உங்களுக்குச் சிவப்பை மட்டும் தரும். மஞ்சளை அந்தந்த ஊர் ஆளிடம் கேட்டு நீங்களே அடிக்க வேண்டும்.

குடியாத்தம்_கௌரி | டிசம்பர் 2, மாலை 6.10

ஜெர்மனி கிடக்கட்டும், மே 15 என்ன நாள்னு பஞ்சாங்கம் பார்த்தீங்களா? வைகாசி ஒண்ணு. எங்க ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்துல இருந்து வர்ற கம்பெனி பஸ் அன்னிக்கு காலியாத்தான் ஓடும். முந்தின நாளும் வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பாங்க, 14-ம் அரைகுறைதான். உங்க ஃபேக்டரியில எங்க ஊர் ஆளுங்க எத்தனை பேர்னு ஹெச்ஆர்கிட்ட கேட்டுப் பாருங்க.

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 2, மாலை 6.32

கட்டிங் செக்‌ஷன்ல பாதி குடியாத்தம்தான். அய்யய்யோ. 14, 15 அடிச்சாச்சு.

காட்பாடி_ஐடி | டிசம்பர் 2, இரவு 9.15

நேர வித்தியாசம்தானே பிரச்சனை? எங்க டீம் டல்லாஸ்ல இருக்கு. நாங்க சாயங்காலம் 6.30-க்கு மேலதான் எல்லா காலும் வைப்போம். நீங்களும் அப்படியே வச்சுக்கலாமே.

பாலாற்றங்கரை | டிசம்பர் 2, இரவு 9.50

அவர் கேட்டது நாளைப் பற்றி, நேரத்தைப் பற்றி இல்லை. ஆனால் ரெண்டும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்ளும், அதனால் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் ஜெர்மனியும் இத்தாலியும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். வியட்நாம் ஒன்றரை மணி முன்னால். பிர்மாசென்ஸில் காலை 9 என்றால் நமக்கு 12.30, வியட்நாமில் மதியம் 2. வியட்நாமில் மாலை 5 என்றால் நமக்கு 3.30. ஆக எல்லோரும் மேஜையில் இருக்கும் நேரம் நம் 12.30 முதல் 3.30 வரை, மூன்றே மணி. மாலை 6.30-க்கு வைத்தால் வியட்நாமில் இரவு 8 ஆகிவிடும்.

இனி நாளுக்கு வாருங்கள். இந்த 12.30-லிருந்து தொடங்கும் நேரம் வெள்ளிக்கிழமை ஆம்பூரில் எதில் போய் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாணியம்பாடி_ரஃபீக் | டிசம்பர் 2, இரவு 10.05

ஜும்மா. 12.30-லிருந்து 2 வரைக்கும் எங்க பக்கம் யாரையும் பிடிக்க முடியாது. வருஷம் பூரா எந்த வெள்ளியும் ஐரோப்பா மீட்டிங்குக்கு ஆகாது, தனியா குறிச்சே வைக்க வேணாம்.

மே கடைசி வாரம்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன். பக்ரீத். அரசுப் பட்டியல்ல மே 28 வியாழன். பிறை ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா 27. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, வெளிநாட்டுக்காரங்களுக்கு இதை விளக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். ரம்ஜான் பெருநாள் எந்த நாள்னு முந்தின ராத்திரிதான் தெரியும். பக்ரீத் அப்படி இல்ல. மாசம் பிறந்து பத்தாம் நாள்தான் பெருநாள், அதனால பத்து நாள் முன்னாடியே நாள் உறுதியாயிடும். இந்தத் தடவை மே 17, 18 வாக்குல தெரிஞ்சுடும். ஆனா மீட்டிங்க அதுக்கு முன்னாடியே குறிச்சாகணும். அதனால 27, 28, 29 மூணையும் சிவப்பா அடிச்சுடுங்க.

இன்னொண்ணு. பக்ரீத் முடிஞ்ச வாரம் டேனரிக்காரங்களுக்கு தலை நிமிர நேரமிருக்காது. குர்பானி தோல் மொத்தமா வந்து இறங்கும், உடனே உப்பு போடலேன்னா கெட்டுடும். அந்த வாரம் ராணிப்பேட்டை ஃபினிஷிங் மேனேஜர் மீட்டிங்ல உக்காந்திருப்பார், கண்ணு போன்லதான் இருக்கும்.

சத்துவாச்சாரி_சிவா | டிசம்பர் 3, காலை 8.45

பாய் சொல்றது சரி. ஆனா துபாய்ல வெள்ளி லீவு, அதனால அங்க பிரச்சனையே இல்லன்னு நம்ம நண்பர் ஒருத்தர் சொன்னாரே?

வாணியம்பாடி_ரஃபீக் | டிசம்பர் 3, காலை 9.10

அது பழைய கதை தம்பி. 2022 ஜனவரியில இருந்து அமீரகத்துல சனி ஞாயிறுதான் வாராந்திர லீவு, அரசு ஆபீசுக்கு வெள்ளி அரை நாள். சவூதியில இன்னும் வெள்ளி, சனி. ‘வளைகுடா’ன்னு ஒரே பத்தி போட்டு வச்சிருந்தா பிரிச்சுடுங்க. பெருநாளும் அங்க பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முந்தி வரும்.

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 3, மதியம் 12.15

எனக்கு வளைகுடா இல்ல பாய், நல்லவேளை. சரி, 14, 15 போச்சு, 27-லிருந்து 29 போச்சு. மிச்சம்?

பாலாற்றங்கரை | டிசம்பர் 3, மாலை 4.30

வாரம் வாரமாகத் தள்ளிப் பார்ப்போம்.

மே 1 வெள்ளி, நாலு நாட்டுக்கும் உழைப்பாளர் தினம். வியட்நாமுக்கு அதற்கு முந்தின நாளான ஏப்ரல் 30-ம் தேசிய விடுமுறை. ஹங் மன்னர் நினைவு நாள் இந்த முறை ஏப்ரல் 26 ஞாயிறில் விழுகிறது, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் ஈடு கொடுப்பார்கள், ஆக 27 திங்களும் போச்சு. அந்த வாரம் அவர்களுக்கு செவ்வாய், புதன் மட்டும்தான் வேலை. மே 4-ல் திறந்து வேலை சூடு பிடிக்க இரண்டு நாள் ஆகும். 4 முதல் 8 வரையான வாரம் நாளாக நல்ல வாரம்தான், ஆனால் சாம்பிள் தயாராக இருக்காது.

11 முதல் 15: மேலே பேசியாயிற்று.

25 திங்கள் ஜெர்மனியில் பெந்தெகொஸ்தே திங்கள், விடுமுறை. இத்தாலியில் தென் டைரோல் தவிர மற்ற இடங்களில் வேலை நாள். அதோடு பக்ரீத். வாரமே கழிந்தது.

ஜூன் 1 முதல் 5: செவ்வாய் 2 இத்தாலியக் குடியரசு தினம், திங்களையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். வியாழன் 4 திருவுடல் பெருவிழா. இது ஜெர்மனியில் எல்லா மாநிலத்துக்கும் இல்லை. பிர்மாசென்ஸ் இருக்கும் ரைன்லாந்து-பலாடினேட்டுக்கு உண்டு, ஹாம்பர்கிற்குக் கிடையாது. ‘ஜெர்மனி’ என்று காலண்டரில் சேர்த்தால் இந்த வித்தியாசம் தெளிவாக வராது. நாட்டின் பெயரை எழுதாதீர்கள், ஊரின் பெயரை எழுதுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மிச்சம் 18 முதல் 22. வெள்ளி ஜும்மா, அதோடு ஜெர்மன்காரர்களுக்கு மூன்று நாள் விடுமுறைக்கு முந்தின நாள். திங்கள் 18, நாலு நாள் லீவு முடிந்து அவர்கள் திரும்பும் நாள், மெயில் பார்க்கவே பொழுது போய்விடும். ஆக 19, 20, 21. செவ்வாய், புதன், வியாழன்.

சத்துவாச்சாரி_சிவா | டிசம்பர் 3, மாலை 5.00

20, 21 வச்சுடுங்க. செவ்வாய்க்கிழமை எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லும்.

பாலாற்றங்கரை | டிசம்பர் 3, மாலை 5.25

வியாழன் 21 வெரோனாவில் புனித சீனோ நாள். இத்தாலியில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு காவல் புனிதர், அவர் நாளில் அந்த ஊர் மட்டும் மூடும். மிலானுக்கு டிசம்பர் 7, ரோமுக்கு ஜூன் 29, வெரோனாவுக்கு மே 21. தேசியப் பட்டியலில் இது வராது. உங்கள் சோல் சப்ளையர் நகரத்துக்குள் இருக்கிறாரா, பக்கத்து ஊரிலா? வெரோனா மாகாணத்தில் வேறு ஊர் என்றால் அவர்களுக்கு வேறு புனிதர், வேறு நாள். பில்லில் இருக்கும் முகவரியைப் பாருங்கள்.

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 3, மாலை 5.50

பில்லில் வெரோனான்னுதான் இருக்கு. மெயில் போட்டுக் கேட்டேன், அஞ்சே நிமிஷத்துல பதில்: ‘21 மூடியிருப்போம், யாரும் இதைக் கேட்டதே இல்லை’ன்னு.

அப்ப 19, 20.

குடியாத்தம்_கௌரி | டிசம்பர் 3, மாலை 6.05

சிவாவோட பாட்டிக்கு யார் பதில் சொல்றது? புதன்கிழமை 12-லிருந்து 1.30 ராகு காலம், நீங்க சொன்ன 12.30 அதுக்குள்ளதான் வருது. செவ்வாய் ராகு 3-லிருந்து 4.30. எங்க முதலாளி ஆர்டர் கன்ஃபர்ம் பண்றதா இருந்தா இதைப் பார்க்காம கையெழுத்து போடமாட்டார். செவ்வாய் 12.30-க்கு ஆரம்பிச்சு 3-க்குள்ள முடிங்க, புதன் 1.30-க்கு மேல ஆரம்பிங்க. ஜெர்மன்காரங்களுக்கும் காலைல ஒரு காபி கூட குடிக்க நேரம் கிடைக்கும்.

காட்பாடி_ஐடி | டிசம்பர் 3, இரவு 8.40

😀 இதையும் தாள்ல ஒரு பத்தியா போடுங்க. நிறம் ஊதா.

பாலாற்றங்கரை | டிசம்பர் 4, காலை 7.30

போடலாம், தப்பில்லை. முடிவெடுக்கிறவர் பார்க்கிற விஷயம் எதுவோ அது தாளில் இருக்க வேண்டும்.

ஆனால் நாள் கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிற இடம் இதுதான். மீட்டிங் நாள் 19. சாம்பிள் எப்போது பிர்மாசென்ஸ் மேஜைக்கு வர வேண்டும்? 14 விடுமுறை, 15 மஞ்சள், 16, 17 சனி ஞாயிறு. 18-ல் வந்தால் பிரித்து அளந்து பார்க்க அவகாசம் இல்லை. ஆக கடைசி நாள் 13 புதன். கூரியருக்கு சுங்கம் சேர்த்து ஐந்து வேலை நாள் வைத்தால் 6-ம் தேதி புதன் ஆம்பூரில் பெட்டி ஏற வேண்டும். பேக்கிங்குக்கும் இன்வாய்ஸுக்கும் 4, 5. மே 1 விடுமுறை, 2 சனியை நம்பாதீர்கள். அதாவது ஜோடி ஏப்ரல் 30 மாலைக்குள் லைனை விட்டு இறங்க வேண்டும். வியட்நாமில் தைக்கும் அப்பர் அந்த ஜோடிக்கு வேண்டும் என்றால், அவர்கள் ஏப்ரல் 27-க்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். மே 19 மீட்டிங்குக்கு ஏப்ரல் மூன்றாம் வாரமே கடைசி. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14, ஈஸ்டர் திங்கள் ஏப்ரல் 6, இதெல்லாம் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

விரலில் எண்ண வேண்டாம். பிர்மாசென்ஸுக்கு `PS` என்று ஒரு ஷீட், அதில் B பத்தியில் அந்த ஊரின் சிவப்பு நாட்கள். பிறகு:

```
=WORKDAY.INTL(DATE(2026,5,13),-5,1,PS!$B$2:$B$30)
```

மே 6 என்று வரும். நடுவில் உள்ள 1 என்பது சனி ஞாயிறு லீவு. ஞாயிறு மட்டும் லீவு விடும் ஃபேக்டரிக்கு அங்கே 11 போடுங்கள், வெள்ளி சனிக்கு 7.

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 4, காலை 11.20

`#VALUE!` வருது.

பாலாற்றங்கரை | டிசம்பர் 4, காலை 11.34

ஜெர்மன்காரர்கள் அனுப்பிய பட்டியலை அப்படியே ஒட்டினீர்களா? அவர்கள் 14.05.2026 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். நம் கம்ப்யூட்டர் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கட்டத்தில் இடதுபுறம் ஒட்டி நின்றால் எழுத்து, வலதுபுறம் நின்றால் தேதி. புள்ளியை எடுத்துவிட்டு 14-May-2026 என்று மறுபடி அடியுங்கள்.

பிழை காட்டினால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். 05/06/2026 என்று சாய்கோடு போட்டு வந்தால் ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று எதுவும் சொல்லாமல் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மீட்டிங் மெயிலில் மாதப் பெயரையும் கிழமையையும் எழுத்தில் எழுதுங்கள்.

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 4, மதியம் 12.02

புள்ளிதான். இப்ப மே 6 வருது.

ராணிப்பேட்டை_டைம்_ஆபீஸ் | டிசம்பர் 5, காலை 9.30

எல்லாரும் வெளிநாட்டையே பேசறீங்க. முதல் பதிவுல ‘அரசு விடுமுறைப் பட்டியல்ல காலி’ன்னு சொன்னாரே, அந்தப் பட்டியலே ஃபேக்டரிக்கு இல்ல. அது அரசு ஆபீசுக்கும் பேங்குக்கும். ஃபேக்டரிக்கு 1958 தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம், அது போக அஞ்சு பண்டிகை நாள். அந்த அஞ்சு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற. ராணிப்பேட்டை சிப்காட்ல ஆயுத பூஜை இருக்கும், ஆம்பூர்ல அதே இடத்துல பக்ரீத் இருக்கலாம். ஒரே முதலாளியோட ரெண்டு யூனிட்ல ரெண்டு விதமா கூட இருக்கும். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கறதைப் போட்டோ எடுத்து வாங்கிக்குங்க.

அப்புறம் கலெக்டர் விடற உள்ளூர் விடுமுறை. 2019-ல மாவட்டத்தைப் பிரிச்சதுல இருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், நாங்க ராணிப்பேட்டை, குடியாத்தம் வேலூர். ஒரு கலெக்டர் விட்டா மத்த ரெண்டுக்கும் பொருந்தாது. பழைய வட ஆற்காடு நினைப்புல ஒரே பத்தியா போட்டுடாதீங்க.

சத்துவாச்சாரி_சிவா | டிசம்பர் 5, காலை 10.10

எலக்‌ஷன் வருதே, அதை ஏன் யாரும் சொல்லல? வாக்குப்பதிவு அன்னிக்கு சம்பளத்தோட லீவு விட்டே ஆகணும்.

ராணிப்பேட்டை_டைம்_ஆபீஸ் | டிசம்பர் 5, காலை 10.25

இது கரெக்ட் பாயின்ட். தேதி இன்னும் வரல. போன தடவை ஏப்ரல் 6-ல வாக்குப்பதிவு, மே 2-ல எண்ணிக்கை. இப்பவும் மே மாசத்துக்குள்ள முடிஞ்சாகணும், அதனால 19-ஐ இடிக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா சாம்பிள் தைக்கற ஏப்ரல்ல ஒரு நாள் போகும். வெளியூர் ஆளுங்க ஓட்டு போட ஊருக்குப் போனா ரெண்டு நாள்.

பாலாற்றங்கரை | டிசம்பர் 5, மதியம் 1.15

ஏப்ரலில் இரண்டு நாள் மஞ்சள் என்று தேதி போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் இடத்தில் வையுங்கள்.

மாற்று நாள் ஒன்றையும் இப்போதே பிடித்துவிடுங்கள். ஜூன் 9, 10 செவ்வாய் புதன். நாலு ஊருக்கும் சிவப்பு இல்லை.

வாணியம்பாடி_ரஃபீக் | டிசம்பர் 5, மதியம் 3.40

ஜூன் 9 வேணாம் சார். பக்ரீத் தோல் வேலை அப்பவும் முடிஞ்சிருக்காது. 16, 17 வைங்க.

பாலாற்றங்கரை | டிசம்பர் 5, மாலை 4.00

16 என்றால் ஆர்டர் உறுதியாவது ஒரு வாரம் தள்ளும். ஃபினிஷிங் மேனேஜர் ஒருவருக்காக மற்ற மூன்று ஊரும் காத்திருக்க வேண்டுமா?

வாணியம்பாடி_ரஃபீக் | டிசம்பர் 5, மாலை 4.12

தோலோட நிறம் பத்தி பேசறப்ப அவர் இல்லாம யார் பதில் சொல்லுவா?

ஆம்பூர்_மெர்ச்சன்டைசர் | டிசம்பர் 5, மாலை 6.45

ரெண்டு பேரும் சொல்றது நியாயமாத்தான் இருக்கு, மேனேஜர்கிட்டயே கேட்டுக்கறேன். 19, 20 அழைப்பு அனுப்பிட்டேன். செவ்வாய் 12.30, புதன் 1.30. அடுத்த வருஷத்துக்கும் இதே மே மூணாவது வாரம்னு நிரந்தரமா போட்டுடலாமான்னு ஜெர்மனியில கேக்கறாங்க.

பாலாற்றங்கரை | டிசம்பர் 5, இரவு 8.20

வேண்டாம். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-க்கே வந்துவிடுகிறது. விண்ணேற்ற நாள் ஈஸ்டரிலிருந்து 39-ம் நாள், மே 6. பெந்தெகொஸ்தே திங்கள் 50-ம் நாள், மே 17. பக்ரீத்தும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து அதே 16, 17 பக்கம் வந்து நிற்கும். சிரசுத் திருவிழா மட்டும் மே 15 பக்கத்தை விட்டு அசையாது. மூன்றும் ஒரே முடிச்சில். 2027-க்கு ஏப்ரல் கடைசியைப் பாருங்கள், வியட்நாமுக்கு மட்டும்தான் இடிக்கும்.

காட்பாடி_ஐடி | டிசம்பர் 6, காலை 11.00

இதையெல்லாம் படிச்சுட்டு எங்க டல்லாஸ் காலண்டரைப் பார்த்தேன். மே 25 அவங்களுக்கும் லீவு, நான் அன்னிக்கு ரிலீஸ் மீட்டிங் போட்டு வச்சிருக்கேன், மூணு பேர் சரின்னு வேற சொல்லியிருக்காங்க. அக்டோபர் ரிவ்யூவுக்கு நாள் பார்க்கறவங்க யாராவது இருக்கீங்களா? 19, 20 ஆயுத பூஜை, விஜயதசமி. 13, 14 எப்படி?

பாலாற்றங்கரை | டிசம்பர் 6, மதியம் 12.30

ஐரோப்பாவோடு என்றால் 13, 14 நல்லது. 25-ம் தேதி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள், அதற்குப் பிறகு வைத்தால் வியட்நாமோடு சேர்ந்து கிடைக்கிற மூன்று மணி இரண்டாகிவிடும். அமெரிக்காவில் நவம்பர் 1-ல்தான் மாற்றுகிறார்கள், இடையில் ஒரு வாரம் டல்லாஸுக்கும் ஜெர்மனிக்கும் கணக்கு தனி.